முதலாம் வருடத்துக்கு ஓர் அழைப்பு: மூன்று வரைவுகளில் எதைப் போடுவது?

ஜூன் மாதம் புது பெட்ச் வளாகத்துக்கு வருகிறது. எங்கள் புகைப்படக் கழகம் அவர்களுக்கு ஓர் அழைப்புப் பதிவு போட வேண்டும். போன வருடம் போட்டதையே திகதி மாற்றிப் போடலாம் என்று செயற்குழுவில் பாதிப் பேர் சொன்னார்கள். செயலாளர் என்ற முறையில் பதிவை எழுதும் வேலை எனக்கு. பழையதை எடுத்து மறுபடி வாசித்தேன்.

"எமது புகைப்படக் கழகம் பல வருடங்களாகப் பல்வேறு சாதனைகளைப் படைத்து வருவது யாவரும் அறிந்ததே. போட்டிகளில் பரிசுகளை வென்றதுடன் வருடாந்தக் கண்காட்சியையும் வெற்றிகரமாக நடத்தியுள்ளோம் என்பதைப் பெருமையுடன் அறியத் தருகிறோம். ஆர்வமும் திறமையும் உள்ள முதலாம் வருட மாணவர்களிடமிருந்து விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன. மட்டுப்படுத்தப்பட்ட இடங்களே உள்ளன. மேலதிக விபரங்களுக்குச் செயற்குழுவினரைத் தொடர்புகொள்ளவும்."

பிழையில்லாத தமிழ்தான். ஆனால் முதல் இரண்டு வாக்கியங்களும் எங்களைப் பற்றியவை. முதலாம் வருட மாணவர் மூன்றாவது வாக்கியத்தில்தான் வருகிறார், அதுவும் விண்ணப்பிக்க வேண்டியவராக. அவருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு சொல்கூட இல்லை. எங்கே, எப்போது, யாரிடம் போவது என்பதும் இல்லை. பேஸ்புக்கில் நீண்ட பதிவின் முதல் சில வரிகள்தான் முதலில் தெரியும், மீதி "மேலும் பார்க்க" என்பதற்குள் மறைந்துவிடும். அந்தச் சில வரிகளை நாங்கள் எங்கள் பெருமைக்கே செலவழித்திருந்தோம்.

போன வருடம் சேர்ந்து, இப்போது இரண்டாம் வருடத்துக்கு வந்திருக்கும் நான்கு பேரிடம் இதைக் காட்டி, அன்றைக்கு இதைப் பார்த்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். பொகவந்தலாவையிலிருந்து வந்த தங்கச்சி சொன்னாள்: "அக்கா, எங்கிட்ட கமரா இல்ல. திறமை உள்ளவங்கன்னு போட்டிருந்துச்சு. அது நமக்கில்லன்னு விட்டுட்டேன். அப்புறம் ரூம்மேட் இழுத்துட்டு வந்ததாலதான் வந்தேன்." யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தம்பி வேறொன்று சொன்னான்: "செயற்குழு எண்டா ஆர் எண்டு தெரியாது அக்கா. சீனியர்மாரைத் தேடிப் போய்க் கதைக்கிற நேரமோ அது?"

அவன் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இருந்தும் முதல் மாதங்களில் ஒரு சீனியரைத் தனியாகப் போய்ச் சந்திப்பது என்றால் யாருக்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். "தொடர்புகொள்ளவும்" என்று நாங்கள் சாதாரணமாக எழுதிய சொல் அவர்களுக்கு ஒரு தடையாக இருந்திருக்கிறது.

ஆக, புதுப் பதிவு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: எனக்கு என்ன கிடைக்கும், எப்படிச் சேருவது. இதற்கு மூன்று வரைவுகள் மேசைக்கு வந்தன.

முதல் வரைவு, பழையதைத் திருத்தியது. வாக்கியங்களைச் சுருக்கி, "கோரப்படுகின்றன" போன்ற சொற்களை எடுத்துவிட்டு, பரிசுகளைப் பெயர் சொல்லி அடுக்கியது. இது பொய்யில்லை, கழகம் உயிரோடு இருக்கிறது என்று காட்டும் பயனும் உண்டு. விரிவுரையாளர்களும் பழைய மாணவர்களும் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் பரிசுப் பட்டியல் நீள நீள, பரிசு வாங்காத ஒருவருக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்விதான் பெரிதாகிறது. கமரா இல்லாத அந்தத் தங்கச்சியை இது இன்னும் தூரத்தில் நிறுத்தும்.

இரண்டாவது வரைவு, எங்கள் தலைவர் எழுதியது. அது நேராகப் பயன்களில் ஆரம்பித்தது: "எங்களோடு இணைந்தால் உங்களுக்குக் கிடைப்பவை: கமரா இயக்கும் பயிற்சி, படங்களைத் திருத்தும் பயிற்சி, தலைமைத்துவப் பண்பு, ஆளுமை விருத்தி, குழுவாக வேலை செய்யும் அனுபவம், நட்பு வட்டம், சான்றிதழ், கண்காட்சியில் பங்கேற்கும் வாய்ப்பு, கமரா இரவல்."

முதல் பார்வைக்கு இதுதான் சரி என்று பட்டது. பிறகு ஒரு சின்னச் சோதனை செய்தோம். "புகைப்படக் கழகம்" என்ற பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "சதுரங்கக் கழகம்" என்று போட்டு வாசித்தோம். தலைமைத்துவம், ஆளுமை, குழு வேலை, நட்பு, சான்றிதழ் எல்லாம் அப்படியே பொருந்தின. எந்தக் கழகமும் சொல்லக்கூடியதை நாங்களும் சொன்னால், வாசிப்பவருக்கு எங்களைத் தெரிந்துகொள்ள எதுவும் மிஞ்சாது. சான்றிதழில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கண்காட்சிக்கு வேலை செய்தவர்களுக்கு மட்டுமே அதைக் கொடுக்கிறோம். சேர்ந்தாலே கிடைக்கும் என்பதுபோல எழுதினால், வருட முடிவில் யாராவது வந்து கேட்கும்போது முகம் கொடுக்க முடியாது.

சோதனையில் தப்பியவை நான்கு: கமரா இரவல், கமரா பயிற்சி, படம் திருத்துவது, கண்காட்சி. இவையும் தலைப்புகளாகத்தான் நின்றன. "கமரா இரவல்" என்றால் என்ன? எங்களிடம் இரண்டு கமராக்களும் ஒரு முக்காலியும் இருக்கின்றன. வெள்ளி மாலை கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போய்த் திங்கள் காலை திருப்பிக் கொடுக்கலாம், காசு இல்லை. இப்படி எழுதும்போதுதான் அதை ஒருவர் மனதில் பார்க்க முடிகிறது. ஹற்றனுக்கோ பண்டாரவளைக்கோ வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு கமராவோடு போகலாம் என்று அவருக்குத் தானாகவே தோன்றும். அதற்குப் பிறகு நாங்கள் எதையும் வற்புறுத்த வேண்டியதில்லை. "கண்காட்சியில் பங்கேற்கும் வாய்ப்பு" என்பதும் அப்படித்தான். கண்காட்சியின் ஒரு சுவரை முதலாம் வருடப் படங்களுக்கு என்று ஒதுக்குகிறோம் என்பதே உண்மை, அதையே எழுத வேண்டும்.

மூன்றாவது வரைவு, பொகவந்தலாவைத் தங்கச்சி எழுதியது. கழகத்துக்கு வந்த தன்னுடைய முதல் புதன்கிழமையை அப்படியே எழுதியிருந்தாள். மழை விட்டு மூடுபனி இறங்கிய நேரம். எல்லோரையும் போனை எடுத்துக்கொண்டு வெளியே வரச் சொன்னார்கள். அவள் எடுத்த படத்தில் பனி அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது படத்தில் ஏன் இப்படி வருகிறது என்று ஓர் அண்ணா விளக்கினார். கமரா தான் பார்க்கும் காட்சி மொத்தத்தையும் நடுத்தர வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். திரை முழுக்க வெள்ளைப் பனி இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் குறைத்துவிடும், அதனால் வெள்ளை சாம்பலாகிறது. திரையில் ஓர் இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கொஞ்சம் தள்ளினாள். பனி வெளுத்தது, முன்னால் நின்ற சவுக்கு மரம் கருமையாகத் தெளிந்து நின்றது. "பதினெட்டு வருசம் இந்தப் பனிக்குள்ளயே இருந்தேன், அன்னைக்குத்தான் அத ஒழுங்கா எடுத்தேன்" என்று முடித்திருந்தாள்.

இதை வாசித்ததும் எனக்கு முடிவு பாதி தெரிந்துவிட்டது. கமரா வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம், முதல் நாளிலேயே ஒன்று கற்றுக்கொண்டு போகலாம் என்ற மூன்றையும் அவள் சொல்லாமலே சொல்லியிருந்தாள். எங்கள் மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பனி அந்நியமில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருபவர்களுக்கோ அது புதுசு, முதல் வாரத்திலேயே எல்லோரும் போனில் எடுத்து ஏமாந்திருப்பார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் பொருந்துகிற ஓர் அனுபவம்.

ஆனாலும் இந்த வரைவைத் தனியாகப் போட முடியாது. நீளம். முதல் நாளைத் தாண்டி வருடம் முழுக்க என்ன நடக்கும் என்பது இதில் தெரியாது. அவசரமாகத் திரையைத் தள்ளுகிற ஒருவர் இது ஏதோ சிறுகதை என்று நினைத்துக் கடந்து போகவும் கூடும். எப்படிச் சேருவது என்பதை அவள் எழுதவே இல்லை.

அதனால் தொடக்கத்தை மூன்றாவதிலிருந்தும், சோதனையில் தப்பிய வரிகளை இரண்டாவதிலிருந்தும் எடுப்பது என்று முடிவு செய்தோம். முதல் வரைவிலிருந்து எதுவும் வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத ஒரு கழகத்தை நம்பி வருவதற்கு, இவர்கள் உண்மையில் ஏதாவது செய்கிறார்களா என்பதற்கு ஒரு சான்றாவது வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கண்காட்சி பற்றிய வரி பதிவின் கடைசிப் பகுதியில் வந்தது, அதுவும் படிப்பவருக்கான சுவரைச் சொல்கிற வரியாக.

அடுத்தது சேரும் வழி. இதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம், போன வருடம் சறுக்கியதும் இங்கேதான்.

போன வருடம் பதிவோடு ஒரு கூகுள் ஃபோம் வைத்தோம். பெயர், பீடம், எண் எல்லாம் ஒழுங்காக ஓர் அட்டவணையில் வந்து சேரும், செயலாளருக்கு வசதி. நான் அதை வளாக மின்னஞ்சல் கணக்கிலிருந்து உருவாக்கினேன். அப்படி உருவாக்கினால் அந்த நிறுவனத்தின் கணக்கு உள்ளவர்கள் மட்டுமே திறக்கும்படி ஃபோம் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. முதலாம் வருடத்துக்கு அப்போது வளாக மின்னஞ்சலே கிடைத்திருக்கவில்லை. இணைப்பை அழுத்தியவர்களுக்கு அனுமதி இல்லை என்று வந்திருக்கிறது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். என் கணக்கில் அது அழகாகத் திறந்ததால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருவர் ஒருமுறைதான் நிரப்பலாம் என்ற தெரிவைப் போட்டாலும், கோப்பு ஒன்றைப் பதிவேற்றச் சொன்னாலும் இதே மாதிரித்தான், கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்: உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் இணைப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். கேள்விகள் நேராகத் தெரிந்தால் சரி.

இரண்டாவது வழி வட்ஸ்அப் குழு இணைப்பு. ஒரே அழுத்தில் உள்ளே வந்துவிடலாம், எல்லோரிடமும் போனில் இருக்கிறது. குறை என்னவென்றால், குழுவில் சேர்ந்தவுடன் ஒருவருடைய எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். முதல் வாரத்தில் தன் எண்ணை முன்பின் தெரியாத சீனியர்கள் இருக்கும் குழுவில் போட, குறிப்பாகப் பெண் பிள்ளைகள், தயங்குவார்கள். நானே அந்த வாரத்தில் அப்படித் தயங்கியவள்தான். இணைப்பு வெளியே பகிரப்பட்டுச் சம்பந்தமில்லாதவர்கள் உள்ளே வருவதும் நடக்கிறது. இதற்குப் பதிலாக வட்ஸ்அப் சேனல் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சேனலைப் பின்தொடர்பவர்களின் எண் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு வழிப் பாதை, எங்களால் அறிவிக்க மட்டும்தான் முடியும்.

மூன்றாவது வழி எதையும் நிரப்பாமல் நேரே வருவது. ஒரு நாள், ஒரு நேரம், ஓர் இடம். வந்து பார்த்துப் பிடித்திருந்தால் அங்கேயே ஒரு கொப்பியில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் இதில் எங்களுக்குள்ள கஷ்டம். அன்றைக்கு விரிவுரை உள்ளவர்களும் வர முடியாது. ஆனால் அந்தக் கஷ்டங்களைக் கழகம் சுமக்கட்டும், புதிதாக வருபவர் சுமக்க வேண்டாம் என்பது என் வாதம். இறுதியில் எல்லோரும் இதற்கே வந்தோம். அன்று வர முடியாதவர்களுக்கு மட்டும் இரண்டு கேள்வி உள்ள ஒரு ஃபோம், இந்த முறை யாரும் திறக்கக்கூடியதாக.

இடத்தைத் தெரிவு செய்வதிலும் யோசித்தோம். எங்கள் கழக அறை ஒரு கட்டடத்தின் பின்பக்கம், மாடியில். சந்திப்பை நூலகத்துக்கு முன்னால் உள்ள படிக்கட்டுக்கு மாற்றினோம், பட்டப்பகலில் எல்லோரும் போய் வரும் இடம். பெரும்பொருளாளராக இருக்கும் விரிவுரையாளர் வருவார் என்பதை அவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு பதிவிலும் எழுதினோம். மாலை ஆறு மணிக்கு மேல் இங்கே இருட்டிவிடும், மழையும் இருக்கும். எத்தனை மணிக்கு முடியும் என்பது ஆரம்பிக்கும் நேரத்தைப் போலவே முக்கியம், விடுதிக்குப் போகிறவருக்கும் பஸ் பிடிக்கிறவருக்கும். "இந்தப் புதன்" என்று எழுதாமல் திகதி போட்டோம். பகிரப்பட்டுப் பகிரப்பட்டு அடுத்த வாரம் ஒருவர் கையில் கிடைத்தால் "இந்தப் புதன்" வேறு புதன் ஆகிவிடும்.

பதிவு இப்படி அமைந்தது:

"மூடுபனியைப் போனில் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வருகிறதா? ஜூன் 10, புதன்கிழமை பின்னேரம் வாருங்கள். பனியைப் பனி மாதிரியே எடுக்கச் சொல்லித் தருகிறோம். உங்கள் போன் போதும், கமரா தேவையில்லை.

நூலகத்துக்கு முன்னால் உள்ள படிக்கட்டு. 3.30க்கு ஆரம்பித்து 5.00க்கு முடிப்போம். எங்கள் பெரும்பொருளாளரும் இருப்பார். மழை என்றால் நூலக முன்மண்டபத்தில்.

முன்பே பதிவு செய்ய வேண்டாம், கட்டணம் இல்லை. நண்பரைக் கூட்டிக்கொண்டு வரலாம். பிடித்திருந்தால் அங்கேயே பெயர் எழுதலாம், பிடிக்காவிட்டால் படத்தோடு போகலாம்.

சேர்ந்தவர்களுக்கு: வெள்ளி மாலை கமரா எடுத்துப் போய்த் திங்கள் திருப்பித் தரலாம். இரண்டு புதன்களுக்கு ஒருமுறை ஒரு பாடம், போனிலேயே படம் திருத்துவதும் அதில் அடங்கும். வருட முடிவில் நடக்கும் எங்கள் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க முதலாம் வருடப் படங்கள்.

புதன் வர முடியாதா? இந்த ஃபோமில் பெயரையும் வசதியான நாளையும் மட்டும் எழுதுங்கள்."

சிங்களப் பதிவை இன்னொரு நண்பர் தன் பாட்டில் எழுதினார், நாங்கள் மொழிபெயர்க்கவில்லை. போன வருடத் தமிழ்ப் பதிவின் விறைப்புக்கு அது ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டதும் ஒரு காரணம்.

பதிவோடு போடும் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம், கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா கூடையோடு சிரிக்கும் படத்தைப் போட்டிருந்தோம். நல்ல படம், பாராட்டும் கிடைத்தது. இந்த முறை அதையே எடுத்தபோது தங்கச்சி, "அவங்க கிட்ட கேட்டு எடுத்ததா அக்கா? எங்கம்மாவும் கொழுந்துக்குத்தான் போறாங்க. ரோட்டுல வண்டிய நிப்பாட்டி எடுத்துட்டுப் போறவங்கள தினம் பாத்திருக்கேன்" என்றாள். கேட்டு எடுத்தோமா என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. அந்தப் படத்தை நீக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக அவளுடைய சவுக்கு மரப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், சாம்பலாக வந்ததும் திருத்தி எடுத்ததும். கீழே "போனில் எடுத்தது, முதல் நாள்" என்று மட்டும். அழைப்பு வாசகத்தைப் படத்துக்குள் எழுதவில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருங்கித் தமிழ் எழுத்தின் புள்ளிகள் மங்கிவிடும், திகதியைத் தொட்டுப் பிரதி எடுக்கவும் முடியாது. கியூஆர் குறியும் போனில் வரும் பதிவுக்கு உதவாது, அந்தப் போனையே வைத்து அதை எப்படிப் பிடிப்பது? அதை அறிவித்தல் பலகையில் ஒட்டும் தாளுக்கு வைத்துக்கொண்டோம்.

போடுவதற்கு முன் ஒரு கடைசிச் சோதனை. வேறு பீடத்தில் புதிதாக வந்திருந்த மூன்று பேரிடம் பதிவை ஒருமுறை வாசிக்கக் கொடுத்து, போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என்ன கிடைக்கும், எங்கே எப்போது போக வேண்டும், என்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்டோம். பழைய பதிவுக்கு இதே கேள்விகளைக் கேட்டபோது "பெரிய கழகம் போல" என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. இந்த முறை மூவரும் பனியையும் புதன்கிழமையையும் போனையும் சொன்னார்கள். ஆனால் ஒருவர், "நான் சிங்களம் அவ்வளவு கதைக்க மாட்டேன், அங்க எந்த மொழியில சொல்லித் தருவாங்க?" என்று கேட்டார். எங்களுக்கு இது தோன்றவே இல்லை. இரண்டாவது பத்தியின் முடிவில் ஒரு வரி சேர்த்தோம்: "தமிழிலும் சிங்களத்திலும் சொல்லித் தருவோம்." அதற்காக அன்று இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த இருவர் கட்டாயம் நிற்க வேண்டும் என்று வேலைப் பட்டியலையும் மாற்றி எழுதினேன்.